மதிப்பெண்ணுக்கு முன் நீதிபதி பேசட்டும்

2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் கூடிய ஜி-7 மாநாட்டில் போப் பிரான்சிஸ் செயற்கை நுண்ணறிவு பற்றி உரையாற்றினார். அங்கே அவர் சிறைவாசி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொண்டார். அவரை வீட்டுக்காவலுக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் நீதிபதிக்கு, அவர் மறுபடியும் குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு மென்பொருள் கணித்துத் தருகிறது. மனிதர் வளர்கிறவர், எதிர்பாராததைச் செய்யக்கூடியவர். இயந்திரம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது போப்பின் வாதம்.

இது கற்பனை உதாரணம் அல்ல. அமெரிக்காவில் ‘காம்பஸ்’ என்ற மென்பொருள் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வழக்குகள், வேலை, நண்பர்கள், குடும்பச் சூழல் என நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கான விடைகளைக் கொண்டு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் லூமிஸ் என்பவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்த நீதிபதி, இந்த மதிப்பீட்டையும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரியாமல் நான் எப்படி எதிர்வாதம் செய்வது என்று லூமிஸ் மேல்முறையீடு செய்தார். கணக்கிடும் முறை மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் வணிக ரகசியம். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. மதிப்பெண்ணே தீர்ப்பை முடிவு செய்துவிடக் கூடாது, அதன் குறைகளை நீதிபதிக்கு எழுத்தில் எச்சரிக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தது.

அதே ஆண்டு ‘புரோபப்ளிகா’ செய்தி அமைப்பு புளோரிடாவின் ஒரு மாவட்டத் தரவுகளை ஆராய்ந்தது. பிறகு குற்றமே செய்யாதவர்களில், அபாயமானவர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டோர் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 45 சதவீதம், வெள்ளையரில் 23. மென்பொருள் நிறுவனம் மறுத்தது: ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், எனவே பாரபட்சம் இல்லை என்றது. இரு தரப்புக் கணக்கும் சரிதான். மறு கைது விகிதம் இரு பிரிவினரிடையே வேறுபடும்போது, இந்த இரண்டு நியாயங்களையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று ஆய்வாளர்கள் நிறுவிவிட்டார்கள். ஆகவே, எந்தத் தவறை யார் தலையில் சுமத்துவது என்பதை மனிதர்கள்தான் முடிவுசெய்தாக வேண்டும்.

‘இறுதி முடிவு மனிதர் கையில் இருக்கட்டும்’ என்பதே மதத் தலைவர்கள் பெரும்பாலும் சொல்லும் தீர்வு. அது போதாது. 9 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு யோசிக்கத் தொடங்கும் நீதிபதி, அந்த எண்ணுக்குக் காரணம் தேடுகிறவராக மாறிவிடும் ஆபத்து அதிகம். நாளை விடுதலையானவர் குற்றம் செய்தால், ‘9 என்று தெரிந்துமா விட்டீர்கள்?’ என்ற கேள்வி நீதிபதியைத்தான் துளைக்கும்.

மதங்களிடம் இதற்கு விடை இருக்கிறது. அது அறிக்கைகளில் இல்லை, பழைய நீதி நடைமுறைகளில் இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னாவில் சன்ஹெத்ரின் என்ற பகுதி, மரண தண்டனைக்குரிய வழக்குகளை 23 நீதிபதிகள் விசாரிக்க வேண்டும் என்கிறது. கருத்துச் சொல்வதை இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவரை மறுக்கத் தயங்குவார்கள். விடுதலையென்றால் அன்றே அறிவிக்கலாம், தண்டனையென்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். விடுதலைக்காக வாதிட்டவர் பின்னர் தண்டனைக்காக வாதிடக் கூடாது. அதிகாரம் மிக்க ஒரு குரல் மற்றவர்களின் தீர்ப்பை எப்படி வளைக்கும் என்பதை இதை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்றைய நீதிமன்றத்தில் அந்த மூத்தவரின் இடத்தில் மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது.

இஸ்லாமிய மரபு பொறுப்பை இன்னும் கூர்மையாக வைக்கிறது. நபிமொழி ஒன்றின்படி நீதிபதிகள் மூவகை. அவர்களில் ஒருவகையினருக்கே சொர்க்கம். உண்மையை அறிந்தும் அநீதி செய்பவருக்கு மட்டுமல்ல, அறியாமல் தீர்ப்பளிப்பவருக்கும் நரகமே. தனக்கே விளக்கத் தெரியாத எண்ணை நம்பிக் கையெழுத்திடும் நீதிபதி இதில் எந்த வகை?

2020-ல் வத்திக்கான் முன்முயற்சியில் வெளியான ‘ரோம் அழைப்பு’ அறிக்கையில் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கையெழுத்திட்டன. 2023-ல் யூத, இஸ்லாமியத் தலைவர்களும், 2024-ல் ஹிரோஷிமாவில் கீழைச் சமயப் பிரதிநிதிகளும் இணைந்தார்கள். வெளிப்படைத்தன்மை, பொறுப்பு என்று அதில் உள்ள கோட்பாடுகள் எல்லாம் நல்லவை. ஆனால், அவற்றை மீறினால் என்ன தண்டனை என்பதற்கு அதில் இடமில்லை. எனவேதான் ரகசியக் கணக்குகள் தயக்கமின்றித் தொடர்கின்றன.

அடுத்த கூட்டத்தில் இந்தத் தலைவர்கள் இரண்டே கோரிக்கைகளை வைக்கட்டும். நீதிபதி தன் கருத்தைக் காரணங்களோடு எழுதி வைத்த பிறகே மதிப்பெண் உறையைத் திறக்க வேண்டும். கணக்கிடும் முறையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்ட மறுக்கும் மென்பொருளை நீதிமன்றத்துக்குள் அனுமதிக்கக் கூடாது.