உள்ளுக்கு துணி இருந்தாத்தான் விடலாம்

புதிய தவணை தொடங்கும் நாட்களில் தையல் கடைகளில் நடக்கும் ஒரு வாய்த்தர்க்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டே இருந்தோம். போன கிழமை அது எங்கள் கண்முன்னாலேயே நடந்தது. இனியும் தள்ளிப்போட ஏலாது.

ஒரு வாப்பா, மகனின் வெள்ளை லோங்ஸைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ஒரே வருடத்தில் நன்றாக வளர்ந்துவிட்டான். "காக்கா, இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தாங்க." தையல்காரர் லோங்ஸைப் புரட்டி, பின்பக்கத் தையலை விரலால் பிரித்துப் பார்த்து, அளவுநாடாவையும் வைத்துப் பார்த்தார். "ஒன்றரை இஞ்சி விடலாம் தம்பி. அதுக்கு மேல ஏலா." வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டரை இஞ்சி வேணும். தைச்சது நீங்கதானே, விடுறதுக்கு என்ன?" "உள்ளுக்கு துணி இருந்தாத்தானே தம்பி விடலாம். நான் துணி நெய்யிறவன் இல்லயே."

இதில் தையல்காரர் பக்கம்தான் நியாயம் என்பது எங்கள் கருத்து. ஏன் என்று கணக்காகவே சொல்கிறோம், நாங்கள் கணக்குச் சொல்லிப் பழகியவர்கள்.

ஒரு தையல் என்பது இரண்டு துணிகள் சேரும் இடம். தையல் கோட்டுக்கு உள்ளே, இரண்டு பக்கமும் கொஞ்சம் துணி மிஞ்சி நிற்கும். உடுப்பைப் பெரிதாக்க உதவுவது அந்த மிச்சத் துணி மட்டும்தான். ஆனால் அந்த மிச்சம் முழுவதையும் எடுக்க முடியாது. புதிய தையலுக்கும் உள்ளே துணி நிற்க வேண்டும். லோங்ஸின் பின்தையல் குந்தும்போதும், சைக்கிளில் ஏறும்போதும் இழுபடும் இடம். அங்கே அரை அங்குலமாவது விடவில்லை என்றால் தையல் நூல் அறாமலேயே துணியின் இழைகள் வழுகி வெளியே வந்துவிடும். 'நூல் பலமில்லை' என்று நாம் பேசுவோம். நூல் அப்படியேதான் இருக்கும், பிடித்துக்கொள்ளத் துணிதான் இருக்காது.

அந்தப் பிள்ளையின் லோங்ஸில் பின்தையலின் மேல்நுனியில், பட்டிக்குக் கிட்ட, பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம் விட்டிருந்தது. தாராளமாக விட்ட தையல்தான். அதில் அரை அங்குலம் உள்ளே நிற்க வேண்டும். மீதி முக்கால் அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரை. இருபத்தெட்டாக இருந்த இடுப்பு இருபத்தொன்பதரை ஆகும். பிள்ளைக்கு வேண்டியது முப்பதரை. ஒரு அங்குலம் குறைகிறது. விலாத் தையலில் எடுக்கலாமே என்று நாங்களும் கேட்டோம். அங்கே உள்ளே இருந்ததே அரை அங்குலம்தான், அதன் ஓரத்தில் ஓவர்லொக் அடித்திருந்தது. போதாததற்கு அந்தத் தையலில்தான் பொக்கெட் வாய் இருக்கிறது. கை வைக்க வழியில்லை.

இடுப்பு மட்டும் என்றால் கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தியாவது ஒப்பேற்றலாம். உண்மையான சிக்கல் அதற்குக் கீழே இருந்தது. பின்தையலில் விடும் துணி மேலே அகலமாகவும், கீழே போகப்போக ஒடுக்கமாகவும் இருக்கும். கவட்டுக்குக் கிட்ட தையல் வளைகிறது. அந்த வளைவில் அதிக துணி விட்டால் அது படியாமல் திரண்டு நின்று உறுத்தும். அதனால் அங்கே அரை அங்குலம்தான் விடுவார்கள். இந்த லோங்ஸில் குந்தும் பாகத்தில் முக்கால் அங்குலம் இருந்தது. அதில் அரை போக, பக்கத்துக்குக் கால், மொத்தமாக அரை அங்குலம்தான் கூட்டலாம். பிள்ளைக்கு அந்த இடத்தில் இரண்டு அங்குலம் கூடியிருந்தது. ஆக, மேலே பட்டி பூட்டுப்படும், கீழே பிடிக்கும். பக்கப் பொக்கெட்டின் வாய் காது மாதிரி விரிந்து நிற்கும், பின்னால் குறுக்குக் கோடுகள் விழும், ஒருநாள் வகுப்பில் குனியும்போது கிழியும். தையல்காரர் 'ஏலா' என்று சொன்னது இதைத்தான். வாப்பாவோ இடுப்பை மட்டுமே பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் 'ஓம், செய்யலாம்' என்று வாங்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் எங்கள் மாணவன் ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. உள்ளே ஒரு நூல் அகலத் துணியை மட்டும் மிச்சம் வைத்து இழுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பின்தையல் திறந்தது. பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கே வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னான். உண்மை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. முகத்துக்கு நேரே 'ஏலா' என்று சொல்கிற தையல்காரர் அந்தப் பிள்ளைக்கு நான்கு நாள் படிப்பை மிச்சப்படுத்தியிருப்பார்.

உயரத்தில் நிலைமை கொஞ்சம் நல்லது. கால் மடிப்பில் இரண்டரை அங்குலம் இருந்தால், அரை அங்குலத்தை வைத்துக்கொண்டு உள்ளே வேறொரு வெள்ளைத் துண்டை மடிப்பாகக் கொடுத்து, இரண்டு அங்குலம் இறக்கலாம். ஆனால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். ஒரு வருடம் அயன் பண்ணிய பொலியெஸ்டர் கலந்த துணியில் அந்த மடிப்பு சூட்டில் பதிந்துவிடும், லேசில் போகாது. அதோடு உள்ளே இருந்த துணி புதிதாகவும், வெளியே இருந்தது தோய்த்துத் தோய்த்து மங்கியும் இருக்கும். இரண்டு வெள்ளை. இங்கே எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: வாசலில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 2022இல் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மடிப்புகள் இறக்கப்பட்டன என்பது எங்களுக்குத் தெரியும்.

பெண்பிள்ளைகளின் நீளச் சட்டையில் இன்னொரு தடை இருக்கிறது. விலாவை விட்டால் போதும் என்று உம்மாமார் நினைக்கிறார்கள். ஆனால் விலாத் தையல் மேலே போய் அக்குளில் முடிகிறது, அங்கேதான் கையின் அடித்தையலும் வந்து சேர்கிறது. விலாவைப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டால் கைக்குழியின் வாய் பெரிதாகும். அதே அளவுக்குக் கையின் அடித்தையலையும் விடாவிட்டால் கை அந்தக் குழிக்குப் பொருந்தாது. சட்டையில் துணி விட்டு, கையில் விடாமல் தைத்திருந்தால், சட்டையில் விட்டது பிரயோசனப்படாது. தோள் ஒடுங்கிவிட்டது என்றாலோ அதற்கு மருந்தே இல்லை. கைக்குழி வளைவில் துணி படிவதற்காக உள்ளே சிறு வெட்டுகள் போட்டிருப்பார்கள், அந்த வெட்டுகளைத் தாண்டி ஒரு நூலும் விட முடியாது. ஆகவே கடையில் வாங்கினாலும், காக்காமார் ராத்தாமாரின் பழைய உடுப்பைக் கொடுத்தாலும், முதலில் தோளைப் பாருங்கள்.

பிடிப்பது, அதாவது சிறிதாக்குவது, இதைவிட லேசு. துணி கையில் இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. லோங்ஸின் இடுப்பைப் பின்தையலில் இரண்டு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின்பொக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டப் பார்க்கும், விலாத் தையல் பின்பக்கமாக இழுபட்டுப் போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியைக் கழற்றி விலாவிலும் பிடிக்க வேண்டும். அது பாதி புது லோங்ஸ் தைக்கிற வேலை, கூலியும் அப்படித்தான் வரும். மூத்தவனின் உடுப்பை இளையவனுக்குப் பிடிக்கும்போது தையல்காரரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாம், உள்ளே மடித்து விடுங்கள் என்று. வெட்டினால் அடுத்த வருடம் இதே கதை.

இப்போது எங்கள் வாதத்துக்கு வருகிறோம். விடுவதா இல்லையா என்பது பழைய உடுப்பைக் கொண்டுபோகும் நாளில் தீர்மானமாவதில்லை. முதல் நாள், கத்தரிக்கோல் துணியில் படும்போதே தீர்ந்துவிடுகிறது. 1993 முதல் அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி தருகிறது. அந்தத் துணி பிள்ளையின் வகுப்பைப் பார்த்து வருகிறது, உடம்பைப் பார்த்து அல்ல. வாட்டசாட்டமான பிள்ளைக்கு உள்ளே விடுவதற்கு மிச்சம் இருக்காது. சின்னப் பிள்ளைக்கு இருக்கும், அந்த மிச்சம்தான் வெட்டுத்துண்டாகக் குப்பைக்குப் போகிறது. ஆகவே துணியைக் கொடுக்கும்போதே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: பின்தையலில் மேலே ஒன்றரை அங்குலம், குந்தும் பாகத்தில் ஒரு அங்குலம், விலாவில் ஒரு அங்குலம், கால் மடிப்பில் மூன்று. சட்டை என்றால் விலாவிலும் கையின் அடியிலும் ஒரே அளவு. பட்டியில் நடுப்பின்னால் ஒரு தையல் இருக்க வேண்டும். கடையில் விற்கும் ரெடிமேட் லோங்ஸில் பல நேரம் பட்டி ஒரே துண்டாக இருக்கும், அதில் பின்தையலை விட்டாலும் பட்டி போதாது.

வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். பருத்தி கூடிய துணி முதல் தோய்ப்பில் சுருங்கும். அப்படிச் சுருங்கினால், பிள்ளை வளர்வதற்கு விட்ட துணியைப் பிள்ளை வளர முதலே எடுக்க வேண்டி வரும். பக்கத்து மருதமுனைக் கைத்தறித் துணியில் தைக்கிறவர்களும் கவனிக்க வேண்டும், நெசவு நெகிழ்வாக இருந்தால் இழை சீக்கிரம் பிரியும், அரை அங்குலம் போதாது.

இப்படி வெட்டித் தைக்கத் தையல்காரருக்கு நேரம் கூடும். ஐம்பது, நூறு கூடக் கேட்டால் கொடுப்பதுதான் முறை. துணியைச் சுருட்டி எடுக்கிறார்கள் என்ற பழைய பழியைத் தூக்கிக்கொண்டு திரிவதை விட்டு, தைத்த உடுப்பை வாங்கும்போது உள்ளே புரட்டிப் பாருங்கள். விட்டிருக்கிறாரா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும்.

அந்த லோங்ஸ் கடைசியில் தம்பிக்காரனுக்குப் போனது. இடுப்பில் ஒன்றரை அங்குலம் பிடித்து, துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தார் அந்தத் தையல்காரர். மூத்தவனுக்குப் புதிதாக வெட்டும்போது வாப்பா பக்கத்திலேயே நின்றார். "காக்கா, உள்ளுக்கு ஒன்றரை விடுங்க" என்று அவரே சொன்னார்.