இமையில் ரெட்டினால் பூசலாமா?

கண்ணாடி முன் நின்று கண்ணை லேசாகத் தாழ்த்திப் பாருங்கள். சிலருக்கு மேல் இமை கசங்கிய மெல்லிய தாள் போல இருக்கும். சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோடு வேறு. இது முகம் சும்மா இருக்கும்போதே தெரியும் கசங்கல். கிள்ளானில் நான் வேலை பார்க்கும் மருந்தகத்துக்கு, முப்பது வயதைத் தாண்டிய பலர் இந்தக் கவலையோடு வருகிறார்கள். கையில் ஒரு ரெட்டினால் சீரம் இருக்கும். "இதை இமை மேலேயே பூசலாமா?" என்பதுதான் கேள்வி.

கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு வரை பூசலாம், அசையும் இமை மேல் வேண்டாம் என்பதே என் பதில்.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று இமைத்தோல். அதன் அடியில் கொழுப்பும் மிகக் குறைவு. நாம் நாள் முழுவதும் சிமிட்டுகிறோம், அரிக்கும்போது கசக்குகிறோம், வெயிலிலும் சுருக்குகிறோம். அதனால் கொலாஜன் குறையும்போது முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இடம்தான். இமையின் ஓரத்தில், இமைமுடிகளுக்குச் சற்று உள்ளே, மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் மேலே ஒரு படலமாக மூடுகிறது.

ரெட்டினாய்டுகள் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் வீரியமான ட்ரெட்டினோயின், அமெரிக்காவில் 1971-இல் முகப்பரு மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மேனிடம் பருவுக்காக அதைப் பூசிவந்த பெண்கள், சுருக்கமும் குறைவதாகச் சொன்னார்கள். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்றைய ரெட்டினால் சந்தை முழுவதும். 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட 16 வார ஆய்வில், வெயிலால் கெட்ட தோல் உண்மையிலேயே தேறியது. ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பும் உரிதலும் வந்தன. கன்னத்தில் வந்தாலே அப்படி. இமையில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ட்ரெட்டினோயின் குழாயோடு வரும் தாளிலேயே கண், வாய், மூக்கோரம் ஆகிய இடங்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கும். யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பருவுக்காக விழுங்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை மைபோமியன் சுரப்பிகளை வாடவைத்து, கண்ணை வறளச் செய்யும் என்பது கண் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பூசும் கிரீமால் அதே அளவு கேடு வருமா என்பதில் இன்னும் தெளிவான முடிவு இல்லை. ஆனாலும் கண்ணோரத்தில் ரெட்டினாய்டு பூசுவதைப் பற்றிக் கண் ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். சுரப்பியின் வாயில் கொண்டுபோய் மருந்தை வைத்துச் சோதித்துப் பார்க்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கே.எல். சென்ட்ரல் பக்கம் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரியின் கதை இது. வயது 38, கண்ணில் காண்டாக்ட் லென்ஸ், நாள் முழுக்க ஏர்கான் அறையில் கணினி. ரெட்டினால் சீரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் இமை மேலும் பூசினார். இரண்டு வாரம் தோல் வழவழப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் முகம் கழுவும்போது எரிச்சல், இமையில் முன்பைவிட அதிகச் சுருக்கம். மருந்து போதவில்லை என்று நினைத்துத் தினமும் பூச ஆரம்பித்துவிட்டார். என்னிடம் வந்தபோது காலையில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், கண்ணின் உள்மூலையில் சிவப்பு.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ரெட்டினாய்டால் எரிந்த இமை ஈரத்தை இழக்கிறது. ஈரம் இழந்த தோல் இன்னும் கசங்கித் தெரிகிறது. அதைப் பார்த்து மேலும் பூசுகிறோம். சுருக்கம் உண்மையானதா, வறட்சியால் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. எல்லாச் சீரத்தையும் நிறுத்திவிட்டு, இரவில் இமை மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாக இரண்டு வாரம் தடவிப் பாருங்கள். மறைவது வறட்சி, மிஞ்சுவதுதான் தோலின் மெலிவு.

அவரையும் அதைத்தான் செய்யச் சொன்னேன். லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கண் மருத்துவரைப் பார்க்கவும் அனுப்பினேன். மூன்று வாரத்தில் உறுத்தல் போனது, சுருக்கத்திலும் பாதி போனது. ரெட்டினாலை மறுபடி தொட அவரை ஆறு வாரம் காக்கவைத்தேன்.

பிறகு சொல்லிக்கொடுத்த முறை இது. கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்தினால் எலும்பு விளிம்பு தட்டுப்படும். அதுதான் எல்லை. மேலே புருவ எலும்பு எல்லை. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கண்ணைச் சுற்றி அதில் ஒரு துளி கூட வேண்டாம், விரலில் மிஞ்சியது போதும். வாரம் இரண்டு இரவு. முதலில் இமை மேலும் கண்ணின் இரு மூலையிலும் பெட்ரோலியம் ஜெல்லி, அதன்பிறகு ரெட்டினால், கடைசியில் வாசனை சேர்க்காத ஈரப்பசை கிரீம். பூசியதும் படுத்துவிடாமல் அரை மணி நேரம் பொறுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் எண்ணெயும் கிரீமை இழுத்துக்கொண்டு கண்ணுக்குள் போகும். எலும்பில் பூசியதே விளிம்பு வரை பரவும் என்பதால்தான் இமையை விட்டுவிடச் சொல்கிறேன். பலன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். தொங்கும் தோலை எந்தக் கிரீமும் தூக்காது. அது அறுவை சிகிச்சை மருத்துவரின் வேலை.

பிரிக்பீல்ட்ஸ் அழகு நிலையங்களில் புருவம் திருத்திக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெட்டினாய்டு பூசிய தோல் மேலே இளகியிருக்கும். நூலோ வேக்ஸோ இழுக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்துவிடும். ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் செந்தழும்போடு வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பகலில் வெயில் கண்ணாடியும், ஸிங்க் ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனும் கண்ணோரத்தில் எரிச்சல் தராது. இமை மெலிவைத் தடுக்க என்னைக் கேட்டால், ரெட்டினாலுக்கு முன் இவற்றைத்தான் சொல்வேன்.

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டைத் தொடவே வேண்டாம். கண் வறட்சி உள்ளவர்களும், கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் கண் அருகே பூச வேண்டாம். இமை அரிப்புக்கு வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு கிரீமைத் தடவும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது தோலை இன்னும் மெலியவைக்கும், கண் அழுத்தத்தையும் ஏற்றும்.

கடைசியாக, இணையத்திலும் இரவுச் சந்தையிலும் விற்கும் பெயர் தெரியாத கிரீம்கள். ட்ரெட்டினோயின் நம் நாட்டில் 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அழகு சாதனத்தில் அது இருக்கவே கூடாது. ஆனாலும் ட்ரெட்டினோயின், ஹைட்ரோகுவினோன், பாதரசம் கலந்திருந்த கிரீம்களின் பெயர்களைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அடிக்கடி வெளியிட்டு வருகிறது. பெட்டியில் NOT என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள், அந்த முகமையின் QUEST3+ தளத்தில் பெயரைத் தேடுங்கள். எண் இருந்தாலும், அது நிறுவனம் கொடுத்த தகவலை வைத்துப் பதிவானதுதான். ஆய்வுக்கூடம் தந்த சான்று இல்லை. "இயற்கை மூலிகை" என்று எழுதிய ஒரு கிரீம் மூன்றே நாளில் இமையை உரித்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.