பாட்டில் ஆண்டு எங்கே நிற்கிறது?

வரலாற்று ஆண்டுகளைப் பாட்டாக்கிப் படிக்கும் பழக்கம் எஸ்.பி.எம். மாணவர்களிடம் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பல பாட்டுகள் ராகத்தை நினைவில் வைக்கின்றன, ஆண்டைக் கோட்டை விடுகின்றன. ஆண்டைத் தவறான இடத்தில் வைப்பதே காரணம் என்பேன்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக இணைந்த ஆண்டு 1826. இதை 'மூன்று ஊரும் சேர்ந்ததே இருபத்தாறிலே' என்று பாடுவோம். இப்போது 'முப்பத்தாறிலே' என்று மாற்றிப் பாடிப் பாருங்கள். எதுவும் இடிக்காது. தமிழில் எந்த ஆண்டோடும் 'இலே' ஒட்டும். ஆகவே எல்லா ஆண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். கொலம்பஸின் 1492-ஐச் சொல்லும் ஆங்கிலப் பாட்டில் ஆண்டு அடியின் கடைசியில் நின்று எதுகை தரும். அதே வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்.

தமிழ் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் விழுகிறது. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டு இதை அறிந்தே எழுதப்பட்டது. மண்டல புருடர் அதன் பதினோராம் தொகுதியில், பல பொருள் தரும் சொற்களை ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின் வரிசையிலேயே அடுக்கினார். நினைவில் நிற்க வேண்டிய சொல்லே எதுகையைத் தாங்கியது.

நாமும் அப்படிச் செய்யலாம்:

இருபத் தாறில் எல்லாம் மாறி
ஒருபேர் பெற்றன ஊர்கள் மூன்றும்.

'முப்பத் தாறில்' என்றால் அடுத்த அடியின் 'ஒருபேர்' உடன் எதுகை அறுந்துவிடும். 'இருபத் தேழில்' என்றால் 'மாறி'யோடு ஒலி சேராது. 'இரு' பத்தைக் காக்கிறது, 'தாறில்' ஒன்றைக் காக்கிறது. நூற்றாண்டைப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கடைசி இரண்டு இலக்கத்தில்தான்.

ஆகவே பாட்டு எழுதி முடித்ததும் வேண்டுமென்றே தவறான ஆண்டைப் போட்டுப் பாடுங்கள். காது உறுத்தினால் பாட்டு உதவும். உறுத்தாவிட்டால் சொற்களை இடம் மாற்றி எழுதுங்கள்.

இன்னொன்று: இந்தப் பாட்டு 'எப்போது' என்பதற்கு மட்டுமே விடை தரும். 1824-இல் ஆங்கிலேயர் – டச்சுக்காரர் ஒப்பந்தத்தால் மலாக்கா கைமாறியதால்தான் மூன்று ஊர்களையும் ஒரே நிர்வாகத்தில் சேர்க்க முடிந்தது. 'ஏன்' என்று கேட்கும் கட்டுரை வினாவுக்கு அதைப் புரிந்து எழுத வேண்டும். அதற்கு எதுகை உதவாது.