ஷெல் துண்டும் ஸ்கான் படமும்



யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனாலும் நம்மில் பலருடைய உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. வெளியே எடுத்தால் நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ சேதம் வரலாம் என்று வைத்தியர்கள் விட்டுவைத்த துண்டுகள் அவை. தலையிடி, நோவு என்று போய் சி.ரி. ஸ்கான் எடுக்கும்போது, இந்தத் துண்டுகள் இல்லாத நோயையும் படத்தில் காட்டிவிடுவதுண்டு. அது எப்படி என்று இம்மாதம் பார்ப்போம்.

சி.ரி. படம் கமராவில் எடுக்கும் படம் போன்றதல்ல. வளையத்துக்குள் எக்ஸ்றே குழாய் நம்மைச் சுற்றிச் சுழல்கிறது. உடலைத் தாண்டி எவ்வளவு கதிர் வந்தது என்பதை மறுபக்கத்தில் உள்ள கருவி அளக்கிறது. பல கோணங்களில் கிடைத்த அளவுகளை வைத்து, கணினி கணக்குப் போட்டு, உடலைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற படங்களை அடுக்கடுக்காகத் தருகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0. மூளைக்கு ஏறக்குறைய 30 முதல் 40. புதிதாக உறைந்த இரத்தத்துக்கு 60 முதல் 80 வரை. எண் கூடினால் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

உலோகம் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் அந்தக் கோணங்களில் சரியான அளவு கிடைப்பதில்லை, கணக்கும் பிழைக்கிறது. துண்டிலிருந்து வெள்ளைக் கோடுகளும் கறுப்புக் கோடுகளும் சூரியக் கதிர்போலப் படத்தில் விரிகின்றன.

ஒரு பெண்ணுக்குப் பின்தலையில், மண்டையோட்டுக்கு வெளியே, தோலின் கீழ் ஒரு துண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத் தலையிடிக்காக ஸ்கான் எடுக்கிறார். படத்தில் மூளைக்குள் ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறது, எண் 65. இரத்தக் கசிவு போலவே இருக்கிறது. பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை. அது இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பழுதான இடம்போலத் தெரிகிறது.

கதிரியக்க வைத்திய நிபுணர் இதை எப்படிப் பிரித்தறிவார்? முதலில் அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார். பொய்க்கோடு துண்டிலிருந்து புறப்பட்டு, மூளை, எலும்பு என்ற எல்லை பாராமல் நேராக ஓடும். இரத்தம் அப்படி ஓடாது. மூளையின் மடிப்புகளையோ மண்டையோட்டின் உள்வளைவையோ ஒட்டித் தேங்கும். அடுத்து, மேலும் கீழும் உள்ள படங்களைப் பார்ப்பார். துண்டு இல்லாத படங்களில் கோடும் இல்லையென்றால் சந்தேகம் குறையும். அப்படியும் தெளியாவிட்டால் தலையைச் சற்றுச் சரித்து மீண்டும் எடுப்பார்கள். பொய்க்கோடு இடம் மாறும், இரத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் கோடுகளுக்கு அடியில் உண்மையான கசிவு மறைந்தும் இருக்கலாம். ஆகவே வாந்தி, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் இருந்தால் “அது துண்டின் நிழல்தான்” என்று நீங்களாகவே முடிவு செய்து வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

இன்னொரு காரணம் அசைவு. படம் எடுக்கும் நேரத்தில் தலை திரும்பினால் மண்டையோட்டின் விளிம்பு இரட்டையாகி, வெடிப்புப்போலத் தெரியும். உண்மையான வெடிப்பு எலும்பில் மட்டும் இருக்கும். அசைவு என்றால் அதே மட்டத்தில் தோலின் விளிம்பும் விலகியிருக்கும். நம் சகோதரிகள் சிலருக்கு அந்த வளையத்தையும் இரைச்சலையும் கண்டதும் பங்கர் நினைவு வந்து உடல் நடுங்கும். அதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். தலையை மெதுவாகப் பட்டியால் தாங்கவும், இடையிடையே உங்களுடன் பேசவும் அவர்களால் முடியும்.

ஸ்கானுக்குப் போகும்போது துண்டு எங்கே இருக்கிறது என்பதையும், எலும்புக்குத் தகடு வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே இருந்தால் கொண்டு செல்லுங்கள். தலைக்கு என்றால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். நெஞ்சுக்கு என்றால் தாலிக்கொடியையும் கழற்ற வேண்டிவரும். கூட வருபவரிடம் கொடுத்து வையுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேறு. அது பலமான காந்தத்தால் இயங்குவது. காந்தம் இழுக்கக்கூடிய துண்டு கண்ணுக்குள் இருந்தால் அது நகர்ந்து பார்வையையே கெடுத்துவிடலாம். ஆகவே அங்கே துண்டைப் பற்றி ஒருபோதும் மறைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள்.

றிப்போர்ட்டில் பயப்படும்படி ஏதும் எழுதியிருந்தால் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இது துண்டு தெரிகிற படங்களில் மட்டுமா இருக்கிறது, மற்றப் படங்களிலும் இருக்கிறதா?”