சான்று வராது, தீர்ப்பு வரும்

"தப்பு பண்ணலன்னா எதுக்குப் பயப்படணும்?" வெளிநாட்டில் படிக்கும் மாணவர் யார் மீதாவது நடவடிக்கை என்று செய்தி வந்தால் காஞ்சிபுரத்தில் முதலில் விழும் கேள்வி இதுதான். பெரியவர்கள் கேட்டால் விட்டுவிடலாம், அவர்களுக்கு விசா தெரியாது. என்னோடு இன்ஜினியரிங் படித்தவர்களும் இதையே கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. 2014இல் பிரிட்டனில் நடந்தது தெரிந்த ஒருவர் இப்படிக் கேட்க மாட்டார்.

அப்போது அங்கே மாணவர் விசாவை நீட்டிக்க ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஏற்கப்பட்ட தேர்வுகளில் ஒன்று டோயிக். டோஃபெலும் ஜி.ஆர்.இ.யும் நடத்துகிற அதே அமெரிக்க இ.டி.எஸ். நிறுவனம்தான் இதையும் நடத்தியது. 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி லண்டன் தேர்வு மையங்களில் ரகசியமாகப் படம் பிடித்து ஒளிபரப்பியது. பேச்சுத் தேர்வை வேறு ஆள் வந்து எழுதிக் கொடுத்தார்கள், கொள்குறித் தேர்வுக்கு விடையை வாசித்தே காட்டினார்கள். மோசடி உண்மை. நடத்தியவர்களில் 20 பேருக்கும் மேல் பின்னால் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

அடுத்து நடந்ததுதான் விஷயம். 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளின் குரல் பதிவுகளை இ.டி.எஸ். அலசியது. ஒரே குரல் பல பெயர்களில் வருகிறதா என்று முதலில் மென்பொருள் பார்த்தது, அது காட்டியதை இரண்டு பேர் காதால் கேட்டு உறுதி செய்தார்கள். முடிவு: 58 சதவீதம் 'செல்லாது', 39 சதவீதம் 'சந்தேகத்துக்குரியது'. கூட்டிப் பாருங்கள், 97. நான் எழுதிய ஒரு புரோகிராம் உள்ளே போனதில் 97 சதவீதத்தை மோசடி என்று சொன்னால், முதல் வேலையாக அந்தப் புரோகிராமைத்தான் சந்தேகப்படுவேன். பிரிட்டிஷ் உள்துறை அப்படிச் சந்தேகப்படவில்லை. அதன் கைக்கு வந்தது குரல் பதிவு கூட இல்லை, ஒரு எக்செல் பட்டியல். பெயர், தேதி, மையம், எதிரே 'செல்லாது'. அப்பாவிகள் எத்தனை பேர் இதில் சிக்கியிருப்பார்கள் என்று கண்டறிய உள்துறை முயலவே இல்லை என்பதை 2019 மே மாதத்தில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகமே எழுதியது.

'செல்லாது' என்று வந்தவரின் விசா ரத்து. விசா போனதும் கல்லூரி பெயரை நீக்கியது. வேலை செய்யக் கூடாது, படிக்கவும் கூடாது. மேல்முறையீடு செய்யணுமா, நாட்டை விட்டு வெளியேறி ஊரிலிருந்து செய். இது போதுமான வழி அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2017 டிசம்பர் ஆனது. தன் குரலென்று சொல்லப்பட்ட பதிவை மாணவர் கேட்டுப் பார்க்கணும் என்றால் வழக்கறிஞர் வைத்து இ.டி.எஸ்.ஸிடம் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய சிலர், 'இது என் குரலே இல்லை, நான் கொடுத்த பதிவு எங்கே?' என்றார்கள். ஆள்மாறாட்டம் நடந்ததற்கு அதுவே சாட்சி என்றது அரசு. கோப்பு மாறிப்போனதற்குச் சாட்சி என்றார் மாணவர். இரண்டில் எது என்பதை அந்தக் கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

2019 மார்ச் முடிவதற்குள் 11,000க்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். 12,500 மேல்முறையீடுகளில் 3,600 வென்றன. வென்ற எல்லாரும் நிரபராதி என்று இதற்குப் பொருளில்லை, வேறு காரணங்களாலும் வென்றிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். தோற்ற எல்லாரும் ஏமாற்றியவர்கள் என்றும் பொருளில்லை. நீதிமன்றங்களே ஒரு நிலையில் நிற்கவில்லை. அரசின் சான்றில் பல பலவீனங்கள் உண்டு என்று 2016இல் மேல் தீர்ப்பாயம் சொன்னது. அதே தீர்ப்பாயம் 2022இல் இரண்டு இந்தியர்களின் வழக்கில், குற்றத்தை நிறுவ அந்தச் சான்று தாராளமாகப் போதும் என்றது. எட்டு வருஷம் நீதிபதிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. விசாவை ரத்து செய்ய ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

என் சண்டை எந்தத் தீர்ப்பு சரி என்பதில் இல்லை. இ.டி.எஸ். உள்துறையிடம் சொன்னது, உள்துறை கல்லூரியிடம் சொன்னது, கல்லூரி மாணவரிடம் சொன்னது. ஒவ்வொரு கைமாறலிலும் சான்று கழன்று விழுந்து, முடிவு மட்டும் முன்னே போனது. கடைசியில் மிஞ்சுவது ஆம் / இல்லை என்ற ஒரு கட்டம். அடுத்த நாட்டு விசா படிவம் அந்தக் கட்டத்தைத்தான் கேட்கிறது: 'எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததுண்டா?' ஏன் மறுத்தார்கள், ஆதாரம் என்ன, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதெல்லாம் அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியில் நீங்களே எழுத வேண்டும்.

இங்கேதான் நம்ம ஊர் கன்சல்டன்சி வருகிறது. 'அதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க, நோன்னு போடுப்பா.' இந்த ஒரு வாக்கியம் செய்கிற கேடு சாதாரணமானது இல்லை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. படிவத்தில் பொய் சொன்னது தெரிந்தால் பிரிட்டனில் பத்து வருஷம் வரை கதவு அடைபடலாம். அமெரிக்காவில் வேண்டுமென்றே தவறான தகவல் தந்தார் என்று முடிவு கட்டினால் தடை ஆயுளுக்கும், அதை நீக்கத் தனியாக விலக்கு வாங்க வேண்டும். பழைய குற்றச்சாட்டு பொய்யாகவே இருந்திருக்கலாம். அதை மறைத்தது நிஜம். முதல் தீர்ப்பைப் பற்றி வாதாட உங்களுக்கு ஒரு கதையாவது இருந்தது, இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

டோயிக் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். காப்பியடித்ததாக ஒரு பல்கலைக்கழகக் குழு உங்களை ஒரு செமஸ்டர் இடைநீக்கம் செய்தால் இன்றும் இதே பாதைதான். உங்கள் பக்கத்து இருக்கை அமெரிக்கப் பையனுக்கு அது வீட்டுக்குப் போய் நாலு மாசம் கழித்து வருகிற தண்டனை. உங்களுக்கு SEVIS பதிவு முடித்துவைக்கப்படும். படிப்பை ஒழுங்காக முடித்தவருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் உங்களுக்குக் கிடையாது. கிளம்ப வேண்டும், பிறகு புது I-20 வாங்கித் திரும்ப முயல வேண்டும், பெரும்பாலும் மறுபடி சென்னைத் தூதரகத்தில் நேர்காணல். பிரிட்டனில் என்றால் உங்கள் பெயர் நீக்கப்பட்டதைப் பல்கலைக்கழகம் பத்து வேலை நாளுக்குள் உள்துறையிடம் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் உதவியாளராக இருந்து கட்டண விலக்கு பெற்றவருக்குப் படிப்பு நின்றதும் அந்தப் பணமும் நிற்கும். தண்டனை அளித்த குழுவில் எத்தனை பேர் இதைக் கணக்கில் எடுத்திருப்பார்கள்? ஒரே காகிதத்தில் ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கு இரண்டு தண்டனை. இதைச் சமநீதி என்று சொல்வது கயமை.

அதனால் முதல் கடிதம் வருகிற அன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஆதாரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் பதிலையும் எழுத்தில் கொடுங்கள். விசாரணையில் அது தோற்றாலும் பரவாயில்லை. பின்னால் அந்தச் சின்னப் பெட்டியை நிரப்பும்போது உங்களிடம் இருக்கப் போகிற ஒரே காகிதக் கட்டு அதுதான். 'சீக்கிரம் ஒத்துக்கிட்டா லேசா முடிச்சிடுவாங்க' என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த முடிவு என் விசா நிலையை என்ன செய்யும் என்று பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். குழுவிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீட்டின் பத்திரம்தான் பெரும்பாலும் வங்கிக்குப் போகிறது. வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் அடமானம் வேண்டும். படிப்புக் காலமும் அதன் பின் ஒரு வருஷமும் தவணை கிடையாது. படிப்பு பாதியில் நின்றால் அந்தக் கணக்கே கலைந்துபோகிறது, வட்டி நிற்பதில்லை. லண்டனில் ஒரு எக்செல் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இருந்த வார்த்தை எப்படி அங்கே வந்தது என்று அந்த மாணவனுக்கே யாரும் விளக்கவில்லை. வீட்டை ஜப்தி செய்ய நோட்டீஸ் கொண்டு வருகிற வங்கி ஊழியர் அதை அவன் அப்பாவுக்கு விளக்கப் போவதில்லை.