"பட்டனை அமுக்கலையா? செத்துட்டீங்க!" - குயிக் டைம் ஈவென்ட் பத்தி ஒரு டாக்டரோட நீண்ட த்ரெட்

இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. வீடியோ கேம். "டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, விஷயம் நரம்பு மண்டலத்துல வந்துதான் முடியும். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கேம் ஆடாதவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். கேம்ல நடுநடுவுல சினிமா மாதிரி காட்சி ஓடும். கதாநாயகன் பேசுவான், வில்லன் மிரட்டுவான், நம்ம கைக்கு வேலை இருக்காது. திடீர்னு திரையில ஒரு பட்டன் படம் வரும். அதை ஒரு நொடிக்குள்ள அமுக்கணும். அமுக்கினா ஹீரோ தப்பிப்பான், இல்லைன்னா சாவான். இதுக்குப் பேருதான் குயிக் டைம் ஈவென்ட்.

உள்ளுக்குள்ள நடக்கிறது ரொம்ப சிம்பிள். ஓடுற காட்சிக்கு ரெண்டு முடிவை முன்கூட்டியே தயார் பண்ணி வச்சிருப்பாங்க, ஒண்ணு பொழைக்கிறது, இன்னொண்ணு சாகுறது. குறிப்பிட்ட இடம் வந்ததும் கேம் ஒரு கடிகாரத்தை ஓட விடும். நேரம் முடியறதுக்குள்ள சரியான பட்டன் வந்தா முதல் முடிவு. தப்பான பட்டனோ, ஒண்ணுமே வரலைன்னாலோ ரெண்டாவது. நீங்க எந்தப் பக்கம் ஓட நினைச்சீங்க, எப்படி சமாளிக்க நினைச்சீங்கன்னு கேம் கேக்கவே கேக்காது. அது கேக்கிற ஒரே கேள்வி "அமுக்கினியா, இல்லையா?"

இது புதுசும் இல்ல. 1983-ல வந்த டிராகன்ஸ் லேர் ஆர்கேட் கேம் முழுக்கவே இப்படித்தான். டான் புளூத் வரைஞ்ச கார்ட்டூன் லேசர் டிஸ்க்ல ஓடும், நீங்க சரியான நொடியில ஜாய்ஸ்டிக்கைத் திருப்பணும் இல்ல வாள் பட்டனைத் தட்டணும். 1999-ல செகா வெளியிட்ட, யூ சுசூகியோட ஷென்மூ இதுக்கு ஒரு பேரு வச்சு பிரபலமாக்கிச்சு. 2005-ல ரெசிடென்ட் ஈவில் 4, காட் ஆஃப் வார் ரெண்டும் ஹிட் ஆச்சு. அப்புறம் சில வருஷம் எந்த ஆக்‌ஷன் கேமைத் தொட்டாலும் இது இருந்தது.

ரெசிடென்ட் ஈவில் 4-ல கிராசர்னு ஒரு வில்லன் கத்தியோட வர்ற காட்சி, ஆடினவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. நீளமான உரையாடல். பழைய நண்பர்கள், துரோகம், கதையில பெரிய ரகசியம் வெளிவர்ற இடம். நடுவுல நடுவுல சட்டுன்னு ரெண்டு பட்டன் சேர்த்து அமுக்கச் சொல்லும். எந்த ஜோடி வரும்னு முன்னாடியே தெரியாது. தவறினா கழுத்துல கத்தி, திரும்ப அதே வசனம். அந்த வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டேன்னு சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா அவன் என்ன பேசினான்னு கேட்டீங்கன்னா? ஞாபகம் இல்ல! பட்டன் எப்ப வரும்னு திரையையே முறைச்சுக்கிட்டு இருந்தவனுக்கு வசனம் எப்படி மண்டையில ஏறும்?

இங்கதான் என் படிப்பு உள்ள வருது. "உனக்கு ரிஃப்ளெக்ஸ் இல்ல, அதான் திட்டுற"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். ஐயா, முட்டிக்குக் கீழ சுத்தியலால தட்டினா கால் துள்ளுதே, அதுதான் ரிஃப்ளெக்ஸ். அதுக்கு மூளையோட முடிவு தேவையில்ல, தண்டுவடமே பாத்துக்கும். படத்தைப் பாத்து, எந்தப் பட்டன்னு புரிஞ்சுக்கிட்டு, சரியான விரலை அசைக்கிறது வேற வேலை. அதுக்கு நேரம் ஆகும்.

நெதர்லாந்துல டோண்டர்ஸ்னு ஒரு கண் மருத்துவர் 1868-லயே இதை அளந்து வெளியிட்டார். எந்தக் கால்ல ஷாக் வரும்னு முன்னாடியே சொல்லிட்டா ஆள் சீக்கிரம் கையை அசைக்கிறார். எந்தக் கால்னு சொல்லாம விட்டா கூடுதலா கிட்டத்தட்ட ஒரு நொடியில 15-ல ஒரு பங்கு ஆகுது. இது வெறும் ரெண்டு சாய்ஸுக்கு. சாய்ஸ் கூடக் கூட நேரமும் கூடும். ஒரே ஒரு விளக்கு எரிஞ்சா தட்டணும்னா ஆரோக்கியமான இளைஞருக்கு சுமார் கால் நொடி போதும். நாலு பட்டன்ல எதுன்னு தெரியாம காத்திருந்தா அது ஏறக்குறைய அரை நொடியைத் தொடலாம்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். கேம் உங்களுக்கு 800 மில்லிசெகண்ட் தருதுன்னு வச்சுக்குங்க. உங்க டிவியில கேம் மோட் போடலைன்னா, படம் திரைக்கு வரவே 100 மில்லிசெகண்ட் தாமதம் ஆகலாம். அப்ப நீங்க ஹீரோவோட முகத்தைப் பாத்துட்டு இருக்கீங்க, பட்டன் படம் கீழ் மூலையில வருது. கண்ணு அங்க தாவ சுமார் 200. என்ன பட்டன்னு புரிஞ்சு விரல் இறங்க 450. மொத்தம் 750 ஆச்சு. மிச்சம் இருக்கிறது 50. காட்சிதானே ஓடுதுன்னு கன்ட்ரோலரை மடியில வச்சுட்டு முறுக்கு எடுத்திருந்தீங்கன்னா, கதை முடிஞ்சது.

இதுல நீங்க திறமை இல்லாதவர்னு எங்க நிரூபணம் ஆச்சு? டிவி செட்டிங்ஸ்ல ஒரு மாத்தம் பண்ணா நீங்க திடீர்னு "திறமைசாலி" ஆயிடுவீங்க. அதனாலதான் இதுல தோத்தா வர்ற கோபம் வேற மாதிரி இருக்கும். சண்டையில தோத்தா "சீக்கிரமா குதிச்சுட்டேன், அடுத்த தடவை காத்திருக்கணும்"னு ஒரு பாடம் கிடைக்கும். இங்க என்ன பாடம்? அடுத்த தடவை முக்கோணம் வரும்னு மனப்பாடம் பண்ணலாம். பட்டன் மாறி மாறி வந்தா அதுவும் இல்ல.

இன்னொரு கொடுமை, பட்டனோட இடம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல A கீழ, B வலது பக்கம். நின்டெண்டோல B கீழ, A வலது பக்கம். X-ம் Y-ம் கூட இதே மாதிரி இடம் மாறும். வீட்டுல ரெண்டும் வச்சிருக்கிறவன் பாடு திண்டாட்டம்தான். நிதானமா ஆடும்போது ரெண்டே நிமிஷத்துல பழகிடும். அவசரத்துல எழுத்தைக் காட்டினா விரல் பழைய வீட்டுக்குத்தான் போகும். அதோட, படம் திரையில இடது பக்கம் வந்து பட்டன் கன்ட்ரோலர்ல வலது பக்கம் இருந்தா மூளை இன்னும் தடுமாறும். உளவியல்ல இதுக்கு சைமன் விளைவுன்னு பேரு.

இதைப் புரிஞ்சுக்கிட்டவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடணும். 2010-ல காட் ஆஃப் வார் 3-ல பட்டன் படங்களைத் திரையோட விளிம்புக்கு நகர்த்தினாங்க. முக்கோணம் மேல, எக்ஸ் கீழ, சதுரம் இடது, வட்டம் வலது. கன்ட்ரோலர்ல எங்க இருக்கோ திரையிலயும் அங்கயே. நடுவுல நடக்கிற சண்டையைப் பாத்துக்கிட்டே ஓரக்கண்ணுல பட்டனைப் பிடிச்சுடலாம். இவ்வளவு சின்ன மாத்தம். இதைக் கூட யோசிக்காம நட்டநடு முகத்துல பட்டனை ஒட்டின கேம்களை எந்தக் கணக்குல சேக்கறது?

அடுத்தது, என்னை இந்த த்ரெட் எழுத வச்ச விஷயம். "பட்டனை விடாம வேகமா தட்டு"ன்னு ஒரு வகை இருக்கு. கதவைத் திறக்க, கழுத்தைப் பிடிச்சவனைத் தள்ள, எல்லாத்துக்கும் தடதடதடன்னு தட்டணும். பார்கின்சன்ஸ் இருக்கான்னு பார்க்க நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? "கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமா தட்டுங்க"ம்போம். வேகம் குறையுதா, தட்டத் தட்ட அசைவு சின்னதாகுதான்னு பாப்போம். அது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்! அதே டெஸ்ட்டை கேம் எடுக்குது. ஃபெயில் ஆனா கதையில அடுத்த பக்கம் கிடையாது.

என்கிட்ட வர்ற ஒரு அம்மா (அடையாளம் தெரியாத அளவுக்கு மாத்தித்தான் எழுதறேன்). ஐம்பதைத் தாண்டினவங்க, முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கும். மகனோட சேர்ந்து கேம் ஆட ஆரம்பிச்சவங்க, அப்புறம் மகனை விட நல்லா ஆடினாங்க. ஒரு நாள் வலி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க. ஏன்மா, வேலை அதிகமான்னு கேட்டா சிரிக்கிறாங்க. "ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன் டாக்டர். இருபது செகண்ட் தட்டணும். பையன் நான் தட்டித் தரேன்றான், எனக்கு அது வேண்டாம்."

கேமோட புதிர் எல்லாத்தையும் தானே அவிழ்த்தவங்க. சண்டை எல்லாத்தையும் யோசிச்சு ஜெயிச்சவங்க. கடைசியில மூட்டு வீக்கம்தான் தடுத்தது.

"அப்படித்தான் காட்சியில பதட்டம் வரும், இல்லைன்னா சும்மா படம் பாக்கிற மாதிரி ஆயிடும்"னு வாதாடுவாங்க. இதுல பாதி நியாயம் இருக்கு. 2010-ல வந்த ஹெவி ரெய்ன் முழுக்க இதே பட்டன் வித்தைதான். ஆனா அங்க தவறினா கேம் நிக்காது. கதை வேற பக்கம் திரும்பிப் போகும், முக்கியமான ஆளே செத்தாலும் மிச்ச கதை தொடரும். அப்ப பதட்டத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கு. தவறினா அதே காட்சியைத் திரும்பப் போடுறதுல என்ன பதட்டம்? முதல் தடவை பயம், மூணாவது தடவை கொட்டாவி.

எதிர்ப்பக்கம் இன்னொரு கூத்து. 2014-ல கால் ஆஃப் டூட்டி அட்வான்ஸ்டு வார்ஃபேர்ல நண்பனோட சவப்பெட்டி முன்னாடி நிக்கும்போது "Press F to Pay Respects"னு திரையில வரும். அஞ்சலிக்கு ஒரு பட்டன்! உலகமே சிரிச்சு, இன்னைக்கும் யாராவது போயிட்டா கமென்ட்ல F போடுறாங்க.

கத்திச் சண்டைக்குத் திரும்ப வர்றேன். 2023-ல ரெசிடென்ட் ஈவில் 4-ஐ புதுசா எடுத்தப்போ, இந்தத் திடீர் பட்டன்களைப் பெரும்பாலும் தூக்கிட்டாங்க. கிராசர் சண்டை இருக்கு, கத்தி இருக்கு. ஆனா இப்ப அவன் கையை ஓங்குறதைப் பாத்து நீங்களே தடுக்கணும், நகரணும். பார்வை பட்டன் படத்துல இல்ல, அவன் தோள்ல இருக்கும். பதட்டம் குறைஞ்சுதான்னு ஆடினவங்களைக் கேளுங்க. அப்ப பதினெட்டு வருஷமா "வேற வழியில்ல"ன்னு சொன்னது என்ன?

அந்த அம்மாவுக்கு மாத்திரையைக் கூட்டலை. 2018-ல பிளேஸ்டேஷன்ல வந்த ஸ்பைடர்மேன் கேமை ஆடச் சொன்னேன். அதோட செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டி பகுதிக்குப் போனா, தட்டுறதுக்குப் பதிலா அமுக்கிப் பிடிச்சா போதும்னு மாத்திக்கலாம், இந்தத் திடீர் பட்டன்கள் தானா முடியற மாதிரியும் வச்சுக்கலாம். 2020-ல வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-லயும் தட்டுறதை அமுக்கிப் பிடிக்கிறதா மாத்த முடியும். நீங்க ஆடுற கேம்ல இருக்கான்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தேடிப் பாருங்க, பல கேம்ல உள்ள எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பாங்க. டிவியில கேம் மோடையும் போட்டுடுங்க.

அடுத்த விசிட்ல விரல் எப்படி இருக்குன்னு கேட்டேன். "விரலை விடுங்க டாக்டர், அந்த ஆக்டோபஸ் டாக்டர் கடைசியில அப்படி பண்ணிட்டானே"ன்னாங்க. பின்னாடி வரிசையில பதினோரு பேர் காத்திருந்தாங்க, நாங்க ரெண்டு பேரும் பத்து நிமிஷம் அதைப் பத்தித்தான் பேசினோம்.