எந்த வரியை மறுக்கிறீர்கள்?

தோழர்களே, எங்கட குழுக்களில ஒரு முன்மொழிவு பிடிக்காவிட்டால் ஒன்றில் ஒருவரும் பதில் போடமாட்டார்கள், இல்லாவிட்டால் யாராவது “எனக்கு இது சரியாப் படேல்ல” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இதை மரியாதை என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தெரியவில்லை. எது சரியில்லை என்று சொல்லாவிட்டால் முன்மொழிந்தவர் எதைத் திருத்துவார், எதற்குப் பதில் சொல்வார்?

மே 18 நினைவேந்தலுக்கு முன் எங்கட சிக்னல் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களில் மூத்த ஒரு அக்கா, பேரணிப் படங்களை அன்றைக்கே, முகங்களோடு, வந்தவர்களை டேக் செய்து இன்ஸ்டகிராமில் போடுவோம் என்று எழுதினார். அவரது காரணம் பலமானது. முகமில்லாத கூட்டம் பார்ப்பவர் மனதில் நிற்காது. இறந்தவர்களை நினைவுகூர நாங்கள் ஒளிந்து நிற்கத் தேவையில்லை. உடனே ஏழெட்டு இதயங்கள் விழுந்தன. பிறகு ஒருவர் “பாதுகாப்பு?” என்று ஒரே சொல் போட்டார். “பயந்தா ஒண்டும் செய்யேலாது” என்றார் அக்கா. அதோடு திட்டத்தை விட்டுவிட்டு யாருக்குத் துணிவு, யாருக்கு இல்லை என்று கதை போனது.

நான் எழுதியது இது:

“அக்கா, எனக்கு விளங்கினது இப்பிடி: முகம் தெரிஞ்சாத்தான் மற்றவை எங்களை ஆக்களாப் பாப்பினம், அதுவும் சூடு ஆறமுதல் போடோணும். பிழையெண்டால் திருத்துங்கோ. இதில எனக்கு மறுப்பில்லை. கேக்காமல் டேக் பண்ணுறதுக்கும் கூட்டத்தின்ர க்ளோஸ்-அப் படங்களுக்கும் மட்டும்தான் மறுப்பு. மேடையில பேசுறவை, பதாகைகள், பின்னால இருந்து எடுத்த படங்கள் அண்டைக்கே போகட்டும். மற்றதை ஆளிட்டக் கேட்டு, ரெண்டு நாள் கழிச்சுப் போடுவம். கேக்கிற வேலையை நான் செய்யிறன். டேக் விஷயத்தில என்னால விட்டுக்குடுக்கேலாது. ரெண்டு நாள் எண்டது என்ர விருப்பம் மட்டும்.”

காரணத்தையும் சேர்த்தேன். 2021இல் பிரித்தானியாவின் மேல்நிலைத் தீர்ப்பாயம் கே.கே., ஆர்.எஸ். வழக்கில், இலங்கைத் தமிழர்களின் அகதிக் கோரிக்கைகளுக்கு வழிகாட்டும் தீர்ப்பைக் கொடுத்தது. இலங்கை அரசு இங்குள்ள ஆர்ப்பாட்டங்களைப் படம் பிடிப்பதையும் இணையத்தைக் கண்காணிப்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. டேக் செய்தால் முகத்துக்குப் பெயர் தேடும் வேலையை நாங்களே செய்து கொடுக்கிறோம். “பாதுகாப்பு?” என்ற கேள்வி ஒருவரின் துணிவைத் தொட்டது. இது வேறு இடத்தைத் தொடுகிறது: ஆபத்து படத்தில் இருப்பவருக்கும் ஊரில் இருக்கும் அவரது அம்மாவுக்கும்தான், அதை ஏற்பதா என்று வாக்களிக்கிறது நாங்கள்.

அக்காவின் பதில் இன்னும் கூர்மையாக வந்தது. ஒருவர் இங்கே அரசியலில் வெளிப்படையாக இயங்கினால் அதுவும் அவரது வழக்கில் ஆதாரமாகலாம். முகத்தை மறைத்து அவருக்காக நாங்கள் முடிவெடுக்கிறதும் பிழைதானே என்றார். சரியான கேள்வி. “போடவேண்டாம்” என்று மட்டும் எழுதியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. “கேட்டுப் போடுவம்” என்றதால் இரண்டு பேருடைய கவலைக்கும் அதில் இடம் இருந்தது.

இரண்டு நாள் நிற்கவில்லை. அதற்குள் செய்தி பழசாகிவிடும் என்றார். அது எனக்கு விருப்பம் மட்டும் என்று முதலே சொல்லியிருந்ததால் விடுவது லேசாக இருந்தது. இடத்திலேயே கேட்டு, ஓம் சொன்னவருக்குப் பச்சை ஸ்டிக்கர் கொடுத்து, அன்றிரவே போடுவது என்று முடிவானது. படத்தின் பின்புலத்தில் நிற்கிறவர்களின் முகங்களைச் சிக்னலில் 2020 முதல் இருக்கும் மங்கலாக்கும் வசதியால் மறைப்போம். அது தானாகவே முகங்களைக் கண்டுபிடிக்கும், ஆனால் பக்கவாட்டு முகங்களைத் தவறவிடலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து விரலால் பூசவேண்டும். முகம் மறைந்தாலும் தெரிந்தவர்களுக்கு ஜாக்கெட் காட்டிக்கொடுக்கும், அதற்கு இந்த வசதியால் ஒன்றும் செய்யமுடியாது.

மூத்தவரோடு முரண்படுகிறதென்றால் தனிப்பட எழுது, குழுவில் வேண்டாம் என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். அரைவாசிதான் ஒத்துக்கொள்கிறேன். யாருக்கு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற விபரம் குழுவுக்கு வரவே கூடாது, நானும் ஒருவரையும் சுட்டவில்லை. ஆனால் திட்டத்தின் மீதான மறுப்பைத் தனியாக ஓதிவிட்டால், அக்கா திடீரென்று மனம் மாறியதாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இதயம் போட்ட அந்த ஏழெட்டுப் பேருக்கும் காரணம் தெரியவேண்டும்.

முகம் மங்கலாக்குவது அக்காவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் திரும்ப எடுக்கப்போகிறார். எந்த வரியை, ஏன் மறுக்கிறார் என்று குழுவில் எழுதியும் போட்டுவிட்டார்.